பரிசோதனை நன்று, நோயாளி நன்றன்று

மாரி மழையில் வாவி நிறையும் மாதங்களே மட்டக்களப்பில் காய்ச்சலின் மாதங்களும் ஆகும். இலங்கையில் இன்புளுவன்சா ஆண்டில் இருமுறை தலைதூக்குகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒருமுறை, நவம்பர் முதல் பெப்ரவரி வரை மறுமுறை. பின்னையது டெங்கும் எலிக்காய்ச்சலும் பெருகும் பருவத்தோடு பின்னிக் கிடக்கிறது. ஆகவே வீட்டில் உடல் சுட்டால் எழும் முதற்கேள்வி, டெங்கா என்பதே. அக்கேள்வி பல உயிர்களைக் காத்திருக்கிறது. அதில் குறை காண்பதற்கில்லை. டெங்கு இல்லை என்ற விடை வந்ததும் வீட்டார் விடும் பெருமூச்சே இன்று எம்மை எழுதத் தூண்டுகிறது.

படுவான்கரையில் வயல் செய்யும் இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிந்துவிட்டது, இருமலும் குறைந்தது. குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை 1,90,000, குறைவில்லை. ஆயினும் கிணற்றடிவரை நடந்தால் மூச்சு வாங்குகிறது. தலையணை இன்றிப் படுக்க முடியவில்லை. நெஞ்சில் ஓர் அழுத்தம். சளியின் களைப்பு என்று பனடோல் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். அன்றிரவு எழுந்தவர் மயங்கி விழுகிறார்.

வைத்தியசாலையில் அவரது நாடித்துடிப்பு 130. உடலில் சூடில்லாதபோது இவ்வேகம் எதனால்? குருதி அழுத்தம் 90க்கு 75. இடைவெளி வெறும் 15. கைகால்கள் குளிர்ந்துள்ளன. டெங்கு அதிர்ச்சியின் முகமும் இதுவே என்பதுதான் இப்பகுதியின் தனித்த இடர். டெங்கில் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. ஆதலால் அளவறிந்து திரவம் ஏற்றுவர். இன்புளுவன்சா விளைக்கும் இதயத்தசை அழற்சியிலோ நீர் குறையவில்லை, அதனைத் தள்ளும் தசையே தளர்ந்துள்ளது. அங்கு உயிர் காக்கும் அதே திரவம் இங்கு நுரையீரலை மூழ்கடிக்கும். டெங்கில் நீர் கசியக் கசியக் குருதி அடர்ந்து பீசிவீ உயரும்; இங்கு அது பெரும்பாலும் உயராது. ஈசிஜி, ட்ரோபோனின், எக்கோ ஆகிய மூன்றும் எஞ்சிய ஐயத்தைத் தீர்க்கும். தொடக்கத்தில் ஈசிஜி பழுதின்றியும் இருக்கலாம். எனவே ஒருமுறை எடுத்துத் திருப்தியுற்று வீட்டுக்கு அனுப்புதல் தகாது. இந்நோய் அரிது. ஆனால் சிலரில் இதயத்துடிப்பு சில மணி நேரத்திலேயே சீர்குலைந்து நின்றுவிடுவதால், காலை கிளினிக்வரை பொறுத்திருக்க இயலாது.

இன்புளுவன்சா சிறுவரின் மூளையைத் தாக்கும் வடிவம் இவ்வளவு அவகாசமும் தராது. காய்ச்சல் தொடங்கிய முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே அது பெரும்பாலும் வெளிப்படும். இதன் கொடிய வகையொன்றை ஜப்பானிய மருத்துவர் மிசுகுச்சி 1995இல் விவரித்தார். அதில் மூளையின் நடுவிலுள்ள தலமசு இருபுறமும் வீங்கி அழுகுகிறது. பெரும்பாலும் வைரசு மூளைக்குள் புகுந்து செய்யும் வேலையன்று இது. உடலின் எதிர்ப்பாற்றல் கட்டுமீறி எழுப்பும் தீ. அதனால் முள்ளந்தண்டு நீரில் கிருமியைக் காணாமற் போகலாம். சூட்டுவலிப்பு கண்ட பிள்ளை சிறிது நேரத்தில் கண் விழித்துத் தாயைத் தேடும். அவ்வாறு விழியாது உறங்கிக்கொண்டே இருந்தால், தாயை அடையாளம் காணாவிடில், வலிப்பு மீண்டால், அது சூட்டுவலிப்பு என்று தேற்றிக்கொள்ளும் வேளையன்று. பிள்ளையின் காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுப்பதும் ஆகாது. அது ரேயின் நோய் என்னும் வேறொரு மூளைக்கேட்டை வரவழைக்கலாம்.

குருதி நஞ்சாதலின் வழி வேறு. இன்புளுவன்சா புண்படுத்திய மூச்சுக்குழாயில் நிமோகொக்கசு, ஸ்டபிலோகொக்கசு போன்ற பக்டீரியாக்கள் குடியேறுகின்றன. நோயாளி தேறுகிறார், இரண்டொரு நாளில் மீண்டும் குளிர் நடுங்கிக் காய்ச்சல் ஏறுகிறது. சிறுநீர் குறைகிறது, பேச்சு குழறுகிறது, மூச்சு விரைகிறது. முதியவரில் காய்ச்சலே இராது குழப்பம் மட்டும் தோன்றலாம். அதிர்ச்சி நிலையை எட்டியவருக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒரு மணி நேரத்துக்குள் நாளத்தில் ஏற வேண்டும். இன்புளுவன்சாவுக்குரிய ஒசெல்டமிவிர் முதல் 48 மணி நேரத்தில் நன்கு பயன்படும். நிலை கடுமையாயின் அதன் பின்னரும் கொடுப்பர்.

2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலோடு மூச்சுத்திணறிச் சிலர் அடுத்தடுத்து இறந்தனர். சுவாச வைரசோ என்ற அச்சம் பரவியது. ஆய்வில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. நோயின் பெயர் துலங்கச் சில நாட்கள் சென்றன. மூச்சுத்திணறலோ முதல் நாளே கண்ணுக்குத் தெரிந்தது. எனவே வெளிநோயாளர் பிரிவில் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் காய்ச்சல் என்பதன்று. மூச்சும் நாடியும் நினைவும் எப்படியுள்ளன என்பதே.

வெல்லாவெளியிலிருந்தோ கொக்கட்டிச்சோலையிலிருந்தோ போதனா வைத்தியசாலைக்கு வர வாவியைக் கடந்தாக வேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைப்போர் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாது, "மூச்சு வாங்குகிறது, மயங்கினார், எழுப்பினால் எழவில்லை" என்று கண்டதைச் சொல்லட்டும். படுவான்கரை வைத்தியசாலைகளுள் எவற்றில் நள்ளிரவிலும் ஈசிஜி எடுத்துப் படிக்க ஆளுண்டு என்பதை மாகாண சுகாதாரத் திணைக்களம் அடுத்த மாரிக்கு முன் பெயர் குறித்து அறிவிக்க வேண்டுமெனக் கேட்கிறோம்.