7 ரூபாய் பங்கை அரசு 10 ரூபாய்க்கு வாங்கியது ஏன்? ‘முகமதிப்பு’ என்ற பழைய சுவர்

2025 மார்ச் கடைசியில் வோடஃபோன் ஐடியா நிறுவனத்துக்கு மத்திய அரசிடம் இருந்து ஓர் உத்தரவு வந்தது. அலைக்கற்றை ஏலத்துக்காக நிறுவனம் கட்ட வேண்டிய பாக்கியில் 36,950 கோடி ரூபாயைப் பணமாகத் தர வேண்டாம், பங்குகளாகக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். ஒரு பங்கின் விலை 10 ரூபாய் என்று முடிவானது. ஆக மொத்தம் 3,695 கோடி பங்குகள். நிறுவனத்தில் அரசின் பங்கு சுமார் 22.6 சதவீதத்தில் இருந்து 49 சதவீதத்தை எட்டியது.

இதில் இடிக்கிற விஷயம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் பங்குச் சந்தையில் அதே பங்கு 7 ரூபாய்க்கும் கீழே கிடைத்துக்கொண்டிருந்தது. 7 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், அரசுக்குக் கிடைத்த பங்குகளின் சந்தை மதிப்பு சுமார் 25,900 கோடிதான். விட்டுக்கொடுத்த பாக்கியோ 36,950 கோடி. நடுவில் காணாமல் போன 11,000 கோடி நம்ம வரிப்பணம்.

இது முதல் தடவையும் இல்லை. 2023 பிப்ரவரியில் 16,133 கோடி ரூபாய் வட்டி பாக்கி இதே மாதிரி பங்காக மாறியபோதும் விலை 10 ரூபாய்தான். அப்போதும் சந்தையில் 7 ரூபாய்க்குக் கீழேதான் ஓடியது. அரசுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை என்று சமூக வலைதளங்களில் கிண்டல் செய்தார்கள். உண்மையில் 10 ரூபாய்க்குக் கீழே ஒரு பைசா குறைத்துக் கொடுக்கக்கூட நிறுவனத்துக்கு வழி இல்லை. கையைக் கட்டிப்போட்டது கம்பெனிகள் சட்டம், 2013-இன் 53-வது பிரிவு.

தள்ளுபடி என்றால் எதில் இருந்து?

ஒவ்வொரு பங்குக்கும் இரண்டு விலை உண்டு. ஒன்று சந்தை விலை. தினமும் ஏறும், இறங்கும். இன்னொன்று முகமதிப்பு, நிறுவனம் தன் சாசனத்தில் எழுதி வைத்த எண். வோடஃபோன் ஐடியாவுக்கு அது 10 ரூபாய், டிசிஎஸ்ஸுக்கு 1 ரூபாய். நிறுவனத்தின் ‘பங்கு மூலதனம்’ என்று கணக்கில் வருவது இந்த முகமதிப்பை, வெளியிட்ட பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கிய தொகை மட்டும்தான். அதற்கு மேலே முதலீட்டாளர் கொடுக்கும் பணம் ‘பங்கு பிரீமியம்’ என்று தனிக் கணக்கில் போய் உட்காரும்.

சட்டம் தடுக்கும் தள்ளுபடி முகமதிப்பில் இருந்து குறைப்பதை. சந்தை விலையில் இருந்து குறைப்பதை அது தடுக்கவில்லை. தேர்வு எழுதுபவர்களும் புதிதாக கம்பெனி தொடங்குபவர்களும் அதிகம் குழம்புவது இங்கேதான். அதே வோடஃபோன் ஐடியா 2024 ஏப்ரலில் பொதுமக்களிடம் 18,000 கோடி திரட்டியபோது ஒரு பங்கை 11 ரூபாய்க்குக் கொடுத்தது. சந்தையில் அப்போது விலை அதைவிட அதிகம். கடைக்காரர் கண்ணில் அது தள்ளுபடி விற்பனை. சட்டத்தின் கண்ணில் 1 ரூபாய் பிரீமியத்தில் வெளியான பங்கு. யாரும் கேள்வி கேட்கவில்லை.

முகமதிப்புக்குக் கீழே போனால் கதை வேறு. அப்படி வெளியிட்ட பங்கே செல்லாது. வாங்கிய பணத்தை, வெளியிட்ட நாளில் இருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். அது போக, தள்ளுபடியில் திரட்டிய தொகை அல்லது 5 லட்சம் ரூபாய், இதில் எது குறைவோ அது வரை நிறுவனத்துக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கும் அபராதம்.

கோலார் தங்கமும் 15 ஷில்லிங்கும்

இந்தக் கெடுபிடி எங்கிருந்து வந்தது என்று தேடினால் கோலார் தங்கவயலில் போய் நிற்கும். அங்கே சுரங்கம் நடத்திய ஊர்காம் கோல்டு மைனிங் கம்பெனி 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பணமில்லாமல் திணறியது. அதன் 1 பவுண்டு பங்கு, லண்டன் சந்தையில் இரண்டரை ஷில்லிங்குக்குத்தான் விலை போனது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். முழு விலைக்கு யார் வாங்குவார்கள்? அதனால் 1 பவுண்டு முகமதிப்புள்ள புதிய பங்குகளை, 15 ஷில்லிங் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று கணக்கில் எழுதி, 5 ஷில்லிங் மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

வழக்கு பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போனது. 1892-இல் வந்த தீர்ப்பு, இந்தத் தள்ளுபடி செல்லாது, பங்கு வாங்கியவர்கள் மீதி 15 ஷில்லிங்குக்கும் பொறுப்பு என்றது. காரணம் எளிமையானது. லிமிடெட் கம்பெனி மூழ்கினால் உரிமையாளரின் வீட்டையும் நகையையும் கடன்காரர் தொட முடியாது. அவருக்கு இருக்கும் ஒரே பிடிமானம், ‘இத்தனை பவுண்டு மூலதனம்’ என்று கம்பெனி ஊருக்குச் சொன்ன அந்த எண். அந்த எண்ணில் காற்று இருக்கக் கூடாது.

இதே சிந்தனையின் மறுபக்கம்தான் பைபேக் தடை. உள்ளே வந்த மூலதனம் பின்வாசல் வழியாகப் பங்குதாரர்களிடமே திரும்பிப் போகக் கூடாது என்பதால், ஒரு கம்பெனி தன் பங்கைத் தானே வாங்கக் கூடாது என்று 1887-இலேயே பிரிட்டிஷ் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, உள்ளே வரும்போது குறைக்காதே, வந்த பிறகு வெளியே எடுக்காதே. ஒரே சுவரின் இரண்டு பக்கம்.

ஒரு கதவு திறந்தது, இன்னொன்று மூடியது

சுவாரசியம் என்னவென்றால், இந்தியாவில் இந்த இரண்டும் எதிரெதிர் திசையில் நகர்ந்தன. 1956 சட்டத்தில், பங்குதாரர்களின் தீர்மானமும் வெளியில் இருந்து ஒப்புதலும் வாங்கினால், பொதுவாக 10 சதவீதம் வரை தள்ளுபடியில் பங்கு கொடுக்கலாம். 2013 சட்டம் அந்த வழியை அடைத்தது. பைபேக்கோ 1998 அக்டோபர் வரை கிட்டத்தட்ட முடியாத காரியம். அதன் பிறகு கதவு திறந்து, இன்று பெரிய ஐடி நிறுவனங்களின் வாடிக்கையாகிவிட்டது.

திறந்த கதவில் பூட்டு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதை டிசிஎஸ் கணக்கில் பார்க்கலாம். 2023-இல் அந்த நிறுவனம் ஒரு பங்குக்கு 4,150 ரூபாய் வீதம் சுமார் 4.09 கோடி பங்குகளைத் திரும்ப வாங்கியது. போன பணம் 17,000 கோடி. பங்கு மூலதனம் எவ்வளவு குறைந்தது? முகமதிப்பு 1 ரூபாய் என்பதால், வெறும் 4.09 கோடி. மீதி எல்லாம் சேர்த்து வைத்த லாபக் கணக்கில் இருந்து கழிகிறது.

அந்த 4 கோடியையும் சட்டம் சும்மா விடுவதில்லை. திரும்ப வாங்கிய பங்குகளின் முகமதிப்புக்குச் சமமான தொகையை லாபத்தில் இருந்து எடுத்து ‘மூலதன மீட்புக் காப்பு’ என்ற கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். அதில் இருந்து டிவிடெண்ட் கொடுக்க முடியாது. போனஸ் பங்கு கொடுக்க மட்டும் பயன்படுத்தலாம். ஒரு செங்கல் உருவினால் அதே அளவில் இன்னொன்றை வை என்கிற கதைதான்.

உண்மையான பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பைபேக்குக்குச் செலவாகும் தொகை, கட்டப்பட்ட மூலதனமும் தடையற்ற காப்பு நிதியும் சேர்ந்த மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பைபேக் முடிந்த பிறகு கடன், அந்த மொத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஓராண்டுக்குள் கடனை அடைக்க முடியாத நிலைக்கு நிறுவனம் போகாது என்று இயக்குநர்கள் உறுதி கொடுக்க வேண்டும். வைப்புத்தொகையையோ வங்கிக் கடனையோ திருப்பிக் கொடுக்காமல் தவறிய நிறுவனம், அதைச் சரிசெய்து மூன்று ஆண்டுகள் ஆகும் வரை பைபேக் பக்கமே வர முடியாது. கவனித்தால் தெரியும்: இவை எல்லாம் ‘கடனைக் கட்ட முடியுமா’ என்று நேரடியாகக் கேட்கின்றன. சாசனத்தில் எழுதிய எண்ணைக் கும்பிடவில்லை.

53-வது பிரிவு மட்டும் இன்னும் அந்த எண்ணைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது.

விதிவிலக்கே இல்லையா என்றால், இரண்டு உண்டு. ஒன்று, ஊழியர்களுக்கும் இயக்குநர்களுக்கும் அவர்களின் உழைப்புக்காகவோ தொழில்நுட்ப அறிவுக்காகவோ சிறப்புத் தீர்மானம் போட்டுக் கொடுக்கும் ‘ஸ்வெட் ஈக்விட்டி’. முகமதிப்பு 10 ரூபாய் உள்ள ஒரு ஸ்டார்ட்-அப், தன் முதல் இன்ஜினியருக்கு 2 ரூபாய்க்குப் பங்கு தர நினைத்தால் இந்த வழியில்தான் போக வேண்டும். பணம் போடும் நண்பருக்கு அதே 2 ரூபாய்க்குக் கொடுத்தால் அந்தப் பங்கு செல்லாது. இரண்டாவது, 2018 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது: சட்டபூர்வத் தீர்வுத் திட்டத்தின் கீழோ, ரிசர்வ் வங்கி விதிகளின்படியான கடன் மறுசீரமைப்பிலோ கடன் பங்காக மாறும்போது, கடன் கொடுத்தவருக்குத் தள்ளுபடியில் பங்கு தரலாம்.

அதாவது, ஒரு வங்கி அந்த மாதிரி மறுசீரமைப்பில் வந்தால் 7 ரூபாய்க்கு வாங்கலாம். அலைக்கற்றை பாக்கிக்காக 62(4) பிரிவில் உத்தரவு போட்ட அரசு, இந்த இரண்டு வகையிலும் இல்லை. கடன்காரர்களைக் காப்பாற்றப் பிறந்த விதி, கடைசியில் நாட்டின் மிகப் பெரிய கடன்காரர் ஒருவரின் காலையே வாரிவிட்டது.

முகமதிப்பைக் குறைத்துவிட்டுக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். பங்கைப் பிரித்து 10 ரூபாயை 1 ரூபாயாக்கினால் சந்தை விலையும் பத்தில் ஒன்றாக உடையும். பிரச்சினை அப்படியே இருக்கும். பங்கு எண்ணிக்கையை மாற்றாமல் மூலதனத்தையே குறைக்க 66-வது பிரிவில் வழி உண்டு. அதற்குத் தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதல் வேண்டும், கடன் கொடுத்தவர்கள் ஆட்சேபம் சொல்ல மூன்று மாதம் தர வேண்டும். அவசரத்துக்கு ஆகாது.

இதில் அரசுக்கு ஒரு வசதியும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 7 ரூபாய் கணக்கில் மாற்றியிருந்தால் சுமார் 5,280 கோடி பங்குகள் வந்திருக்கும். அரசின் கையில் ஏறக்குறைய 55 சதவீதம் இருந்திருக்கும். 51-ஐத் தொட்டாலே அது அரசு நிறுவனம். 10 ரூபாய் விலை அதைத் தவிர்த்துக் கொடுத்தது. சிறு பங்குதாரர்களின் பங்கும் அந்த அளவுக்கு நீர்த்துப் போகவில்லை. ஆனால் அரசு எத்தனை சதவீதம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வெளிப்படையாக எடுக்க வேண்டிய கொள்கை முடிவு. அதை ஒரு பழைய எண் தற்செயலாக எடுத்துக்கொடுத்தது நல்ல நிர்வாகத்துக்கு அழகல்ல.

நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாம் முகமதிப்பு என்ற கருத்தையே சட்டத்தில் இருந்து தூக்கிவிட்டன. அங்கே பங்கு என்ன விலைக்குப் போனதோ அதுதான் மூலதனம். இந்தியா ஒரே தாவலில் அங்கே போக வேண்டியதில்லை. 53-வது பிரிவில் ஏற்கெனவே இருக்கும் கடன் விதிவிலக்கில், அரசுக்கு வர வேண்டிய பாக்கியை 62(4)-இன் கீழ் பங்காக மாற்றுவதையும் சேர்க்கலாம். கூடவே, விலையை ஒரு சுயேச்சையான மதிப்பீட்டாளர் சொல்ல வேண்டும், அந்த அறிக்கை பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையையும் போட வேண்டும். அப்போது அடுத்த முறை அரசு 10 ரூபாய் கொடுத்தால், சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. ஏன் கொடுத்தோம் என்று நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.