பட்டனைத் தட்டினால் போதுமா? தொட்டி உயரத்தைப் பாருங்க!

பட்டனைத் தட்டினால் வெந்நீர் பீய்ச்சுமாம், சுத்தமாகக் கழுவி விடுமாம்! கரண்டில் ஓடும் கழிப்பறை சீட் இப்போது நம்ம ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. ஜப்பானில் டோட்டோ கம்பெனி 1980-ல் 'வாஷ்லெட்' என்ற பெயரில் பிரபலமாக்கிய சரக்கு இது. அங்கே தெருக்குழாயிலேயே அழுத்தம் உண்டு. இங்கே மொட்டை மாடித் தொட்டிதான் கதி. சிக்கலே அங்கேதான்!

இந்த ரக சீட்டுகள் பலவற்றுக்கும் தண்ணீர் குறைந்தது 5 மீட்டர், அதாவது சுமார் 16 அடி உயரத்திலிருந்து இறங்கும் அழுத்தம் வேண்டும்.

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் 2 அடி மேடை, அதன் மேல் தொட்டி. கீழ்த்தள கழிப்பறைக்கு 20 அடிக்கு மேல் இறக்கம். சீட் வேலை செய்யும். மாடியில் உள்ள கழிப்பறைக்கோ 11 அடிதான். தொட்டி நிரம்பி வழிந்தாலும் 14 அடியைத் தாண்டாது. பட்டனைத் தட்டினால் சொட்டுச் சொட்டாக வடியும். அதற்கு ஒரு பிரஷர் பம்பு, அந்தப் பம்புக்கும் கரண்டு!

ஜெட் ஸ்பிரேயோ அதே 11 அடியில் கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் வந்துவிடும்.

கரண்டு கதை என்ன? உள்ளே சின்னத் தொட்டி வைத்துச் சூடாக்கும் ரகம் சுமார் 500 வாட் இழுக்கும். அந்த நிமிடமே சூடாக்கும் ரகம் 1,200 வாட்டுக்கு மேல் போகும். சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. பெரும்பாலான சீட்டுகளில் தண்ணீரைத் திறக்கும் வால்வே கரண்டில்தான் ஓடுகிறது. பக்கத்தில் அணுமின் நிலையம் இருந்தென்ன? லைன் போனால் சீட்டும் போச்சு! உட்கார்ந்தவர் கதி அதோகதி!

இன்னொரு வேடிக்கை. சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரே சுடுகிறது. அதைச் சூடாக்கக் கரண்டா? உப்புத் தண்ணீர் என்றால் ஹீட்டரில் உப்புப் படியும், வடிகட்டி அடைக்கும். பீய்ச்சல் நாளுக்கு நாள் மெலிந்தால் முதலில் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள்.

கை திரும்பாத முதியவருக்கு இந்த சீட் வரப்பிரசாதம், மறுப்பதற்கில்லை. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் கீழ்த்தளத்தில் போடுங்கள். எர்த் உள்ள மூன்று பின் பிளக்கும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே லைனைத் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம். ஈரத்தில் கரண்டு, விளையாட்டல்ல! பக்கத்திலேயே ஒரு ஜெட் ஸ்பிரேயும் இருக்கட்டும்.

மற்றவர்களுக்கு ஜெட் ஸ்பிரேயே போதும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: உபயோகித்ததும் சுவரில் உள்ள வால்வை மூடுங்கள். மூடாமல் விட்டால் ஹோஸ் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும். ஒருநாள் ராத்திரி வெடித்தால் விடிவதற்குள் தொட்டி காலி!

கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்து மாடி ஏறுங்க. 16 அடி இல்லையா? பர்ஸை மூடுங்க!