முண்டாசு கட்டியவரெல்லாம் பாரதி இல்லை

தோழர்களே, புதுச்சேரியில் ஒரு சுவரில் தலைப்பாகையும் மீசையும் கோட்டும் போட்ட ஒருவர் வரையப்பட்டிருந்தால் அவர் யார் என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் யோசிக்காமல் "பாரதி" என்பார்கள். தேங்காய்த்திட்டிலும் அப்படித்தான், முத்தியால்பேட்டையிலும் அப்படித்தான். பாரதி 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தார். ஊர் அவரை மறக்கவில்லை, அதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் தலைப்பாகைக்காரர் இரட்டைமலை சீனிவாசனாக இருந்தாலும் "பாரதி" என்றே சொல்லி, அப்படியே படமெடுத்துப் பகிர்ந்துவிட்டுப் போகிறார்களே, அங்கேதான் வழக்கு.

முகத்தை முதலில் பார்ப்பதால் வரும் கோளாறு இது. முகத்தைப் பார்த்ததும் மனம் தனக்குத் தெரிந்த முகங்களைத் தேடும். பள்ளிப் பாடநூல் நமக்கு எந்த முகங்களைத் தந்தது? பாரதியைத் தந்தது, காமராசரைத் தந்தது. தாத்தா இரட்டைமலை சீனிவாசனையும் பண்டிதர் அயோத்திதாசரையும் எத்தனை பேருக்கு முகமாகத் தந்தது? எனவே முகத்தில் தொடங்கினால் தெரிந்த முகம் தெரியாத முகத்தை விழுங்கிவிடும். சுவரோவியத்தில் இருப்பவர் யார் என்று அறிய வேண்டுமானால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். முதலில் எழுத்து, பிறகு சின்னங்கள், பிறகு வரைந்தவர், கடைசியில்தான் முகம்.

முகத்தை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. நம் தெருக்களில் வரையும் ஓவியர்கள் பெரும்பாலும் ஒரு சிறிய படத்தில் கட்டம் போட்டு, சுவரிலும் அதேபோல் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெயர்த்து வரைகிறார்கள். கொண்டுவரும் படமோ நகலின் நகலாக இருக்கும். கண்ணும் தாடையும் கொஞ்சம் பிசகினாலே ஆள் மாறிவிடுகிறார். ஆனால் தலைப்பாகை பிசகுவதில்லை, கண்ணாடி பிசகுவதில்லை, கையில் உள்ள புத்தகம் பிசகுவதில்லை. இது ஓவியருக்கும் தெரியும். அதனால்தான் முகத்தில் வராததைச் சின்னத்தில் கொண்டுவந்துவிடுகிறார்.

அம்பேத்கரையே பாருங்கள். நமக்குக் கிடைக்கும் அவருடைய புகைப்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. நீலக் கோட்டு எங்கிருந்து வந்தது? 1942இல் அவர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். அந்த நிறத்தை இயக்கம் அவருடைய உடையாக்கியது. நீட்டிய விரலும் கையில் அணைத்த புத்தகமும் 1967இல் நாடாளுமன்ற வளாகத்தில் நிறுவப்பட்ட சிலையில் இருக்கின்றன, இன்று ஊருக்கு ஊர் நாம் பார்ப்பதும் அதே தோற்றம்தான். நீலக் கோட்டு, சிவப்பு டை, கண்ணாடி, புத்தகம், விரல் ஆகிய ஐந்தும் இருந்தால், முகம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் ஆறு வயதுக் குழந்தைகூட "அம்பேத்கர் தாத்தா" என்று சொல்லிவிடும். அம்பேத்கருக்கு இந்த மக்கள் அப்படி ஒரு சின்ன மொழியை உருவாக்கிக் கொடுத்துவிட்டார்கள். மற்ற தலைவர்களுக்கு அது இன்னும் அமையவில்லை, அதனால் அவர்கள் சுவரிலேயே தொலைகிறார்கள்.

இப்போது அந்தத் தலைப்பாகைக்காரருக்கு வருவோம். பெயர் உதிர்ந்துபோன ஒரு சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போயிருந்தாலும் அதற்கு முன்னால் இருந்த பட்டம் பல நேரம் தப்பியிருக்கும். "மகாகவி" என்றால் பாரதி, பேச்சே இல்லை. "தாத்தா" என்று மட்டும் மிஞ்சியிருந்தால் இரட்டைமலை சீனிவாசனை நினையுங்கள், நம் மக்கள் அவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். "பண்டிதர்" என்றால் அயோத்திதாசர். "பெருந்தலைவர்" என்று இருந்தால் நின்று நிதானியுங்கள். ஊர் உடனே "காமராசர்" என்னும். எம்.சி. ராஜாவையும் நம்மவர்கள் பெருந்தலைவர் என்றே எழுதுகிறார்கள். காமராசருக்குத் தலைப்பாகையும் கோட்டும் கிடையாது, கதர்ச் சட்டைதான். ஆக பட்டம் பாதியைச் சொல்கிறது, உடை மீதியைச் சொல்கிறது.

பட்டமும் போய்விட்டது, பத்திரிகையின் பெயர் ஒன்று மூலையில் இருக்கிறது என்றால் வேலை இன்னும் எளிது. "பறையன்" இதழை 1893இல் தொடங்கியவர் இரட்டைமலை சீனிவாசன். "ஒரு பைசாத் தமிழன்" இதழை 1907இல் தொடங்கியவர் அயோத்திதாசர். இருவரும் மைத்துனர்கள் என்பதாலும், இருவரையும் பல சுவர்களில் தலைப்பாகையோடு வரைவதாலும் நம்மவர்களே சில நேரம் குழம்புகிறார்கள். பின்னணியில் புத்தரோ போதி மரமோ இருந்தால் அயோத்திதாசர் பக்கம் சாயலாம். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியவர் அவர். மார்பில் பதக்கம் தொங்கினால் சீனிவாசன் பக்கம் சாயலாம். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று மூன்று பட்டங்கள் பெற்றவர். அண்ணலோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். ஆகவே பக்கத்தில் நீலக் கோட்டு நின்றால் சந்தேகம் இன்னும் குறையும்.

எழுத்தே இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது, அது மீசையின் நிறம். பாரதி 1882இல் பிறந்து 1921இல் இறந்தார். நாற்பதைத் தொடவில்லை. நரைத்த பாரதி என்று ஒருவர் இருந்ததே இல்லை. சீனிவாசன் 1945 வரை வாழ்ந்தார், எண்பதைத் தாண்டினார். தலைப்பாகைக்குக் கீழே வெள்ளை மீசை இருந்தால் அது பாரதியாக இருக்க வழியே இல்லை. இதைப் பார்க்க ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், கண் இருந்தால் போதும். இருந்தும் வெள்ளை மீசைக்காரரைப் "பாரதி" என்று அழைக்கிறார்கள் என்றால் அவர்கள் சுவரைப் பார்க்கவே இல்லை என்றுதான் பொருள்.

தேதியை நம்புவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. "செப்டம்பர் 11, நினைவு நாள்" என்று எழுதி, மேலே முறுக்கு மீசை வைத்த ஓர் இளைஞர் இருக்கிறார். யார்? தமிழ்நாடு அரசு அந்த நாளை 2021இல் மகாகவி நாளாக அறிவித்தது. அதே செப்டம்பர் 11இல்தான், 1957இல், பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. நாளும் ஒன்று, இருவரும் இளம் வயதினர், மீசையும் கறுப்பு. ஆண்டைத் தேடுங்கள். ஆண்டு இல்லாவிட்டால் தலையையும் நெற்றியையும் பாருங்கள். முண்டாசும் நெற்றிப் பொட்டும் பாரதிக்கு. வெறுந்தலை, காலர் சட்டை, சில சுவர்களில் ராணுவச் சீருடை என்றால் இம்மானுவேல். "தியாகி" என்ற ஒரு சொல் மிஞ்சியிருந்தாலும் முடிந்தது.

இத்தனைக்குப் பிறகு ஒருவர் கேட்கலாம், சின்னங்களை அப்படியே நம்பிவிடலாமா என்று. கூடாது. 2022 டிசம்பர் 6, அண்ணலின் நினைவு நாள். கும்பகோணத்தில் இந்து மக்கள் கட்சி சுவரொட்டி ஒட்டியது. முகம் அம்பேத்கருடையது, அதில் ஐயமில்லை. ஆனால் சட்டை காவி, நெற்றியில் விபூதி, நடுவே குங்குமம். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இந்து மதத்தைத் துறந்து, இந்துக் கடவுள்களை வணங்கமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தவரின் நெற்றியில்! இங்கே முகம் உண்மையைச் சொல்கிறது, சின்னம் பொய் சொல்கிறது. இந்த இடத்தில் "யார் படம்" என்ற கேள்வியோடு நின்றால் ஏமாந்துபோவோம். "யார் போட்ட படம்" என்று சுவரொட்டியின் அடியைப் பார்க்க வேண்டும், அங்கே கட்சியின் பெயர் இருக்கும். சின்னமும் முகமும் சண்டை போட்டால் பணம் கொடுத்தவரைத் தேடுங்கள்.

வரைந்தவரைத் தேடுவதும் இப்படித்தான். தெரு ஓவியர் வலது கீழ் மூலையில் "இன்னார் ஆர்ட்ஸ்" என்று செல்பேசி எண்ணோடு கையெழுத்திடுவார். அதே ஆள் வரைந்த வேறு சுவர்களைப் பாருங்கள். அவர் எல்லாருக்கும் ஒரே கண்ணை வைப்பவரா, எந்தத் தலைவரை எந்தச் சின்னத்தோடு வரைபவர் என்பது தெரிந்துவிடும். இன்னொரு வகை ஓவியர்களும் இப்போது வந்திருக்கிறார்கள். 2021இல் சென்னை இந்திரா நகர் ரயில் நிலையத்தின் வெளிச்சுவரில் ஓவியர் ஏ-கில், டெல்லி ஓவியர் ஒருவருடன் சேர்ந்து சுமார் 70 முகங்களை வரைந்தார். சாதாரண மனிதர்களின் முகங்களைப் பெரிதாக வரைவதே அவருடைய வழக்கம். அங்கே போய் "இது எந்தத் தலைவர்" என்று தேடுவது வீண். அந்த முகங்களில் எச்.ஐ.வி. உள்ளவர்களும் இருக்கிறார்கள், இல்லாதவர்களும் இருக்கிறார்கள். யார் எவர் என்று பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அந்த ஓவியத்தின் நோக்கம். ஓவியரின் வழக்கத்தை அறிந்தவர் அங்கே கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார். அடையாளத்தை மறைக்க வேண்டிய சுவரும் உண்டு.

ஆனால் அந்த நியாயத்தை எல்லாச் சுவருக்கும் நீட்டுகிறவர்களை நான் ஏற்கவில்லை. "பெயர் எதற்கு, கலை பேசட்டும்" என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். பாரதிக்குப் பெயர் வேண்டாம், ஊரே பெயர் சொல்லிவிடும். காந்திக்கு ஒரு வட்டக் கண்ணாடி போதும். பெயர் இல்லாவிட்டால் தொலைந்துபோகிறவர் யார்? தாத்தா தொலைவார், பண்டிதர் தொலைவார், எம்.சி. ராஜா தொலைவார். கலை பேசட்டும் என்பது ஏற்கனவே எல்லாராலும் அறியப்பட்டவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகிற சொகுசு.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சொல். அடையாளம் தெரியாத ஒவ்வொரு முகத்தையும் "நம் தலைவர்" என்று உரிமை கொண்டாடுவதும் அதே சோம்பேறித்தனம்தான். எழுத்தும் இல்லை, சின்னமும் இல்லை, வரைந்தவரும் தெரியவில்லை என்றால் "யாரெனத் தெரியவில்லை" என்று குறித்து வையுங்கள். பிறகு அந்தத் தெருவின் பெரியவர்களைக் கேளுங்கள். சுவருக்குக் காசு வசூலித்த அண்ணன் ஒருவர் எங்காவது இருப்பார், யாரை வரையச் சொன்னோம் என்பது அவருக்கு மறக்காது.

படமெடுக்கும்போது முகத்தை மட்டும் நெருங்கி எடுக்காதீர்கள். சுவர் முழுவதும், நான்கு மூலைகளும், பக்கத்தில் உள்ள கொடிக்கம்பமும் படத்தில் விழட்டும். அடுத்த தேர்தலுக்கு வெள்ளையடித்த பிறகு அந்தப் படம் மட்டும்தான் சாட்சி. புதிதாக வரையப்போகும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்முடையது கடலோர ஊர். தேங்காய்த்திட்டில் உப்பு ஈரம் தரையிலிருந்து ஏறிச் சுவரின் அடியை முதலில் தின்னும். நாமோ பெயரைக் கொண்டுபோய்ப் படத்துக்குக் கீழே, அந்த அடியில்தான் எழுதுகிறோம். முகம் நிற்கும்போதே பெயர் உதிர்ந்துவிடுகிறது. பெயரைத் தலைக்கு மேலே எழுதுங்கள், பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் சேர்த்து, தெருவின் அந்தக் கோடியிலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக.