பிழை கையிலா, கொதிதொட்டியிலா?

தோழர்களே, உலர் தேங்காய்த் துருவல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்று "உங்கள் சரக்கில் கிருமி இருக்கிறது" என்று எழுதினால், ஆலை நிர்வாகம் ஒரு படிவம் நிரப்பிப் பதில் அனுப்ப வேண்டும். திருத்த, தடுப்பு நடவடிக்கைப் பதிவு என்பது அதன் பெயர். முறைப்பாடு என்ன, மூல காரணம் என்ன, திருத்துவதற்கு யார் பொறுப்பு, திருந்தியதை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று அதில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நல்ல படிவம்தான். அதை நிரப்புகிற விதத்தைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் நிலத்தில் தேங்காய் பறிப்பவர்களும், உரிப்பவர்களும், ஆலையில் ஓடு உடைத்துத் தோல் சீவும் பெண்களும் நம் அங்கத்தவர்கள். அப்படியோர் ஆலையில் சால்மொனெல்லா முறைப்பாடு ஒன்றுக்கு நிரப்பப்பட்ட படிவத்தை நாம் பார்த்தோம். மூல காரணம்: தோல் சீவும் பகுதித் தொழிலாளர் கை கழுவுவதில் கவனயீனம். நடவடிக்கை: பயிற்சி வகுப்பு. பொறுப்பாளர்: பகுதிக் கங்காணி. சரிபார்ப்பு: பயிற்சிக்கு வந்தவர்களின் கையொப்பப் பட்டியல். முறைப்பாடு முடிந்தது என்று முத்திரையும் குத்தியாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளை கணக்கைப் பிழையாகச் செய்தால், கொப்பியில் "கவனயீனம்" என்று எழுதிவிட்டுப் போகிற வாத்தியார் எதையும் திருத்தவில்லை. எந்த வரியில் கணக்கு தடம் மாறியது என்று பார்த்தால்தான் அடுத்த கணக்கு சரிவரும். இந்தப் படிவத்திலும் அந்த வரியை யாரும் தேடவில்லை.

தேடினால் என்ன கிடைக்கும் என்பது புதுக் கதையல்ல. 1950களின் கடைசியில் இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்குப் போன துருவலில் சால்மொனெல்லா கண்டுபிடிக்கப்பட்டது. அப்போதும் நோய்க் கிருமியைச் சுமக்கும் தொழிலாளர்மீதும் ஆலைத் தண்ணீர்மீதும் சந்தேகம் போயிற்று. 1967இல் அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் சஞ்சிகை ஒன்றில் வெளியான ஆய்வு வேறு முடிவைச் சொன்னது. முதல் தொற்று நோய் சுமக்கும் ஆட்களாலோ அழுக்குத் தண்ணீராலோ வரவில்லை. கிருமியுள்ள மண்ணைத் தேங்காய் தொடுவதால் வருகிறது. பிறகு ஓட்டின் வழியாகவும் உடைக்கும்போது சிந்தும் தேங்காய்த் தண்ணீரின் வழியாகவும் ஆலை முழுக்கப் பரவுகிறது. பச்சைப் பருப்பில் அது பெருகும். உலர்த்தினாலும் எளிதில் சாகாது. ஆகவே உலர்த்தும் அடுப்பை நம்பி இருக்க முடியாது.

அதே ஆய்வு மருந்தையும் சொன்னது. துருவுவதற்கு முன், வெள்ளைப் பருப்பை 80 பாகை செல்சியஸ் வெந்நீரில் 8 முதல் 10 நிமிடம் வைத்திருந்தால் கிருமி சாகிறது, பருப்பும் கெடுவதில்லை. இதைத்தான் நம் பெண்கள் கொதிதொட்டி என்கிறார்கள். ஆலையில் கிருமியைக் கொல்லும் இடம் அது. கை கழுவுவது வேண்டும், சவர்க்காரமும் போதிய குழாயும் வேண்டும், வயிற்றோட்டம் உள்ளவருக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். ஆனால் கொதிதொட்டி பிழைத்தால், எல்லோரும் கை கழுவினாலும் மண்ணில் இருந்து வந்த கிருமி மூட்டைக்குள் போகும்.

அந்த ஆலையில் நடந்ததை நம் தோழிகளிடம் கேட்டு, ஏன், ஏன் என்று பின்னோக்கிப் போனோம். கிருமி ஏன் மூட்டையில் இருந்தது? தொட்டியில் சாகவில்லை. ஏன் சாகவில்லை? தண்ணீரில் சூடு போதவில்லை. வெப்பமானி 80 காட்டியதே என்றால், அது நீராவி நுழையும் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. பருப்பு வெளியேறும் பக்கத்தில் எவரும் அளப்பதில்லை. ஏன் அங்கே சூடு இறங்கியது? கழுவிய குளிர்ந்த பருப்பைக் கூடை கூடையாக வேகமாகக் கொட்டினார்கள். கூடைகள் தொட்டியில் இருந்த நேரமும் குறைந்தது. ஏன் வேகம்? கப்பல் திகதிக்காக நாளாந்த இலக்கு கூட்டப்பட்டது. கொதிகலன் மட்டும் பழையபடியே இருந்தது.

இலக்கைக் கூட்டியவர் தோல் சீவுகிறவர் அல்லர். வெப்பமானியை எங்கே மாட்டுவது என்று தீர்மானித்தவரும் அவர் அல்லர். அப்படியிருக்க, மூல காரணக் கட்டத்தில் அவருடைய கை ஏன் வந்தது?

பொறுப்பாளர் கட்டத்திலும் இதே தந்திரம்தான். திருத்தத்துக்குத் தேவையான காசையும் அதிகாரத்தையும் கையில் வைத்திருப்பவரே பொறுப்பாளர். வேலையை மெதுவாக்கவும், கொதிகலனுக்குப் பணம் ஒதுக்கவும், மண் அப்பிய, வெடித்த காய் ஏற்றிவரும் லொறியைத் திருப்பி அனுப்பவும் கங்காணியால் முடியாது. அதைச் செய்யக்கூடியவர் மனேஜர். அவர் பெயரும் முடிக்க வேண்டிய திகதியும் அங்கே இருக்க வேண்டும்.

சரிபார்ப்புக்கு வருவோம். கையொப்பப் பட்டியல், வகுப்பு நடந்ததற்குத்தான் சாட்சி. கிருமி செத்ததற்குச் சாட்சி அல்ல. "அடுத்த சரக்கைப் பரிசோதித்தோம், கிருமி இல்லை" என்ற தாளும் தனியே போதாது. 25 கிலோ மூட்டையிலிருந்து 25 கிராம் எடுத்தால் பார்ப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. கிருமி மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. மாதிரி எடுத்த இடத்தில் இல்லாதது பக்கத்தில் இருக்கலாம்.

நம்பத்தக்க சரிபார்ப்பு இரண்டு. ஒன்று, கொதிதொட்டியின் வெளியேறும் முனையில் ஒவ்வொரு மணித்தியாலமும் எழுதிய சூடும் நேரமும். இலக்கு உச்சத்தில் இருக்கும் நாட்களின் ஏடுதான் முக்கியம். வேலை குறைந்த நாளில் எந்தத் தொட்டியும் சூடாகத்தான் இருக்கும். இரண்டாவது, தொட்டிக்குப் பிறகு வரும் பகுதியில் தரை, துருவும் இயந்திரம், சல்லடை ஆகியவற்றைத் துடைத்தெடுத்துச் செய்யும் பரிசோதனை. ஓடு உடைக்கும் பக்கத்துத் தள்ளுவண்டியும் செருப்பும் உலர் பக்கத்துக்கு வந்தால், வெந்நீரில் செத்த கிருமிக்குப் பதிலாகப் புதுக் கிருமி வந்துசேரும். அதைத் தடுக்கச் சுவரும், தனி வண்டியும், தனிச் செருப்பும் வேண்டும். இவையும் நிர்வாகம் வாங்கித் தர வேண்டியவைதான்.

பொய்ப் படிவத்தால் நமக்கென்ன என்று சிலர் கேட்கிறார்கள். பிழை அப்படியே கிடப்பதால் முறைப்பாடு மறுபடி வரும். அப்போது "பயிற்சி கொடுத்தும் திருந்தாதவர்" என்று எழுத, கையொப்பப் பட்டியல் ஆதாரமாகத் தயாராக இருக்கும். நாட்கூலிப் பெண்ணை வேலையால் நிறுத்த அந்தத் தாள் போதும். வாங்குபவர் ஓடர் கொடுக்காமல் விட்டால் முதலில் நிற்பதும் நம் வேலைதான்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவு: முறைப்பாட்டுப் படிவத்தை மூடுமுன் அந்தப் பகுதித் தொழிலாளர் பிரதிநிதி படித்துக் கையொப்பமிட வேண்டும். "கவனயீனம்" என்ற சொல் மூல காரணமாக ஏற்கப்படக் கூடாது. அதற்குப் பின்னால் இன்னொரு "ஏன்" கேட்க வேண்டும். கொதிதொட்டி ஏடு பூட்டிய அலுமாரியில் அல்லாமல் தொட்டியருகே தொங்க வேண்டும். அதுவரை, தோழிகளே, பயிற்சிப் பட்டியலில் கையொப்பமிடும்போது உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அன்றைய தொட்டியின் சூடு எத்தனை என்று கேட்டு எழுதுங்கள். சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்று எழுதுங்கள்.