கவனமாக வழுக்கி விழவும்!

ஒரு மஞ்சள் பலகை. அதில் ஒருத்தர் வழுக்கி விழுற படம். மேலே நாலு சீன எழுத்து, கீழே ஆங்கிலத்தில் ‘ஸ்லிப் கேர்ஃபுல்லி’. சீனாவுக்குப் போனவங்க எடுத்த இந்த மாதிரி போட்டோவை நீங்களும் ஏதாவது ஒரு குரூப்பில் பார்த்துச் சிரிச்சிருப்பீங்க. நானும் சிரிச்சேன். “இவங்களுக்கு இங்கிலீஷ் வராதுப்பா”ன்னு சொல்லிட்டுக் கடந்து போயிடுவோம். ஆனா அந்த ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. தப்பு நடந்தது சீனத்தைப் படிச்ச விதத்தில். அதே தப்பை நாமும் செய்வோம் என்பதுதான் என் வாதம்.

அந்த நாலு எழுத்துகளைச் சுமாராக ‘சியாவ் சின் தி ஹுவா’ என்று படிக்கலாம். முதல் எழுத்துக்கு ‘சின்ன’, இரண்டாவதுக்கு ‘இதயம்’ என்று பொருள். இரண்டும் சேர்ந்தா ‘கவனம்’. மூன்றாவது ‘தரை’. நாலாவது ‘வழுக்கு’. இரண்டு இரண்டாகப் பிரிச்சா, “கவனம், தரை வழுக்கும்”. முடிஞ்சது.

சிக்கல் மூன்றாவது எழுத்தில் இருக்கு. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம ‘கவனம்’ என்பதோட ‘ஆக’ சேர்த்துக் ‘கவனமாக’ என்று ஆக்குறோம் இல்லையா, அந்த ‘ஆக’வின் வேலையையும் சீனத்தில் அதே எழுத்துதான் செய்யுது. அப்போ உச்சரிப்பு ‘த’ என்று மாறும், எழுத்து மாறாது. இப்போ மூணும் ஒண்ணுமாகப் பிரிச்சுப் பாருங்க: “கவனமாக வழுக்கு”. சீனத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுறதில்லை. அதனால எங்கே வெட்டணும்னு எழுத்து மட்டும் சொல்லாது.

நமக்கு இது புதுசா என்ன? பள்ளியில் பொதுமொழி படிச்சோமே! ‘பலகை’ என்பதைப் பிரிச்சா ‘பல கை’. கடைவாசலில் தொங்குறதைப் பார்த்து யாரும் பல கைகள் என்று நினைக்க மாட்டாங்க. ஏன்னா அது தொங்குற இடம் நம்ம கண் முன்னாடி இருக்கு.

சீனர்களும் அப்படித்தான் படிக்கிறாங்க. அறிவிப்புப் பலகை ‘சியாவ் சின்’ என்று ஆரம்பிச்சா, அடுத்து வருவது பெரும்பாலும் ஆபத்தின் பெயர். தாழ்வான வாசல்களில் ‘சியாவ் சின் பங் தோ’ என்று இருக்கும். சொல்லுக்குச் சொல் பார்த்தா ‘கவனம், இடி, தலை’. அகராதியை மட்டும் நம்பினா “கவனமாகத் தலையை இடி” என்றுகூட எழுதிடலாம். வாசலைப் பார்த்தவருக்கு அது “தலை இடிக்கும், குனிந்து செல்லவும்”.

அதனால, பலகையின் சொற்களுக்கு முன்னாடி பலகையின் வேலையை மொழிபெயர்க்கணும்னு சொல்றேன். அது தடுக்குதா, எச்சரிக்குதா, ஏதாவது செய்யச் சொல்லுதா? நிறமும் வடிவமும் இதற்கு உதவும். சீனப் பாதுகாப்புக் குறிகளில் குறுக்குக்கோடு போட்ட சிவப்பு வட்டம் என்றால் தடை, மஞ்சள் முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீல வட்டம் என்றால் கட்டாயம் செய்ய வேண்டியது.

அடுத்தது தமிழ். ‘தரை ஈரமாக உள்ளது’ என்று எழுதலாமா? பல நாடுகளில் ஆங்கிலப் பலகை ஈரத்தைத்தான் சொல்லும். ஆனா சீனப் பலகை வழுக்கலைத்தான் சொல்லுது. காரணம் தண்ணியாகவும் இருக்கலாம், பளபளப்பான கல்லாகவும் இருக்கலாம். ‘ஈரம்’ என்று போட்டா, காய்ஞ்ச பளிங்கில் நிக்கிறவர் பலகையை நம்ப மாட்டார். ‘வழுக்கும் தரையில் கவனமாக நடக்கவும்’ என்பது சரிதான், ஆனா வேகமா நடந்து வர்றவர் கடைசிச் சொல் வரைக்கும் படிக்கணும். நான் போடுறது இது: “தரை வழுக்கும், பார்த்து நடக்கவும்”. முதல் ரெண்டு சொல்லோட அவர் நிறுத்திட்டாலும் விஷயம் போய்ச் சேர்ந்துடும்.

சீனாவே இதைச் சும்மா விடலை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன்னாடி நகரத்தின் ஆங்கிலப் பலகைகளைத் திருத்தினாங்க. பொது இடங்களில் ஆங்கிலம் எப்படி எழுதணும் என்பதற்கான தேசியத் தரநிலை 2017 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அடுத்த முறை வெளிநாட்டுப் பலகை ஒண்ணை நண்பர்களுக்குத் தமிழில் சொல்றப்போ, இதை மட்டும் கேட்டுப் பாருங்க: காசு செலவழிச்சு, இந்த இடத்தில், யாராவது இதைச் சொல்வாங்களா? வழுக்கச் சொல்லி எவரும் பலகை வைக்க மாட்டாங்க. அப்படி ஒரு அர்த்தம் வந்தா, வெட்டின இடம் தப்பு. இடமே தெரியாத வெறும் போட்டோவா இருந்தா, ‘கவனம்’ என்பதோட நிறுத்திக்கோங்க. எதில் கவனம் என்று ஊகிச்சு எழுதினா, அதை நம்பி ஒருத்தர் கால் வைப்பார்.