தோட்டத்து வீட்டிலும் திறக்கும் மென்பொருள் வேண்டும்

பொறியியல் படிக்கும் நம் மாணவர்களின் கணிப்புப் பயிற்சிகள் பெரும்பாலும் மெட்லேப் என்னும் விலைகொடுத்து வாங்கும் மென்பொருளில்தான் நடைபெறுகின்றன. பல்கலைக்கழக ஆய்வகத்தில் உரிமம் உண்டு; கவலையில்லை. தவணை விடுமுறையில் ஈஜோக்கிற்கோ பெஸ்தாரி ஜெயாவிற்கோ திரும்பும் மாணவன் என்ன செய்வான்? நான் படித்த காலத்தில் ஆய்வகத்தில் தொடங்கிய இடுபணியை எங்கள் தோட்டத்து வீட்டில் தொடர முடிந்ததில்லை. உரிமம் வளாக வலையமைப்போடு நின்றுவிடும். திருட்டுப் பிரதியை நாடிய நண்பர்களின் கணினிகளில் நச்சுநிரல்தான் முதலில் குடியேறியது.

முதல் இரண்டு ஆண்டுகளின் கணிப்புப் பாடங்களை ஆக்டேவில் நடத்த வேண்டும் என்பது என் கருத்து. இது புதிய பொருளன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின், டெக்சஸ் பல்கலைக்கழகங்களில் வேதிப்பொறியியல் மாணவர்களுக்கான ஒரு பாடநூலுக்குத் துணையாகவே இது எண்ணப்பட்டது. ஜான் ஈட்டன் 1992இல் முழுமூச்சாக எழுதத் தொடங்கினார். பெயரும் இசையிலிருந்து வந்ததன்று. ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற வேதிப்பொறியியல் பேராசிரியரின் பெயர் அது.

இதில் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தோட்டத்து நீர்த்தொட்டி ஒன்று. விட்டம் 2 மீட்டர், நீரின் உயரம் 3 மீட்டர். அடியில் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை. தொட்டியின் பரப்பு துளையின் பரப்பைப் போல் 1,600 மடங்கு. வெளியேற்றக் கெழு 0.6 எனக் கொள்வோம். ஆக்டேவில் மூன்றே வரிகள்:

```
f = @(t,h) -0.6/1600*sqrt(2*9.81*max(h,0));
[t,h] = ode45(f, [0 2000], 3);
plot(t/60, h)
```

விடையைக் கையாலும் சரிபார்க்கலாம். சூத்திரப்படி தொட்டி வற்ற ஏறக்குறைய 2,085 வினாடி, அதாவது 35 நிமிடம் ஆகும். 2,000ஆவது வினாடியில் 5 மில்லிமீட்டர் நீர் எஞ்சியிருக்க வேண்டும். `h(end)` என்று தட்டினால் 0.005க்கு அருகில் ஓர் எண் வந்தால் நிரல் சரி. `max` என்பதை நீக்கிவிட்டு நேரத்தை 3,000 வினாடிக்கு நீட்டினால் உயரம் சுழியத்திற்குக் கீழே போகும். எதிர்மறை எண்ணின் வர்க்கமூலம் வந்து விடைகளில் `i` ஒட்டிக்கொள்ளும். அந்த எழுத்தைக் கண்டால் இயற்பியல் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அறியலாம். இதே கோப்பு மெட்லேப்பிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஓடும். வீட்டில் எழுதியதை விரிவுரையாளரிடம் அப்படியே கொடுக்கலாம்.

நிறுவுவதும் எளிது. விண்டோஸ் கணினிக்கான நிறுவி சில நூறு மெகாபைட் அளவுடையது. வளாகத்தில் ஒருமுறை பதிவிறக்கிப் பென் டிரைவில் எடுத்துச் சென்றால் வீட்டில் இணையமே வேண்டாம். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கட்டுப்பாட்டியல் பாடத்தில் `tf` என்று எழுதினால் அது வரையறுக்கப்படவில்லை என்று பிழை வரும். மென்பொருள் பழுதன்று, துணைத்தொகுப்பு திறக்கப்படவில்லை, அவ்வளவே. முதலில் `pkg load control` என்று தட்டினால் போதும்.

குறைகளை மறைக்கக்கூடாது. சிமுலிங்க்கைப் போல் கட்டங்களை இணைத்து அமைப்பை வரையும் வசதி ஆக்டேவில் இல்லை. அதற்குச் சைலேப் உண்டு. அதிலுள்ள எக்ஸ்கோஸ் அவ்வேலையைச் செய்யும். ஆனால் சைலேப்பின் இலக்கணம் வேறு. `pi` என்பதை `%pi` என்றும், விளக்கக் குறிப்பை `//` என்றும் எழுத வேண்டும். ஆகவே மெட்லேப் கோப்புகளால் பாடம் நடத்தும் துறைக்கு ஆக்டேவே பொருந்தும். இறுதியாண்டில் சிமுலிங்க் கட்டாயமானால் அதை ஆய்வகத்தில் பயன்படுத்தட்டும். எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றவேண்டியதில்லை.

"பாடநூலில் உள்ள கணக்குகளுக்கு யார் நிரல் எழுதித் தருவது?" என்று கேட்கலாம். மும்பை ஐஐடியின் பாஸ்ஸி திட்டம் இதற்கு வழிகாட்டியிருக்கிறது. இந்தியக் கல்லூரி மாணவர்களே ஒரு பாடநூலை எடுத்து, அதிலுள்ள தீர்த்த கணக்குகளைச் சைலேப்பில் எழுதுகிறார்கள். சரிபார்த்தபின் அவை யாவருக்கும் இலவசமாக வெளியிடப்படுகின்றன. புத்தக விடையும் நிரலின் விடையும் ஒத்துவருகிறதா என்பதே தேர்வு.

நம் கழகமும் இதைச் சிறிதாகத் தொடங்கலாம். தவணை முடியும் முன் ஒரு சனிக்கிழமை, நிறுவியோடு பத்துப் பென் டிரைவ்கள், முதலாண்டுப் பாடநூலின் ஓர் அத்தியாயம். கோலசிலாங்கூர்ப் பக்கம் ஊர் திரும்பும் மாணவர்களின் மடிக்கணினிகளில் முதலில் நிறுவி, மேலே கண்ட தொட்டிக் கணக்கை ஓட்டிப் பார்த்து அனுப்புவோம்.