கையில் இருந்தால் போதாது, கண்ணிலும் படவேண்டும்



கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் காலம் வந்தால் பாரிஸ் லாச்சப்பல் கடைவீதியில் சூட்கேஸும் எடை பார்க்கும் தராசும் நன்றாக விலைப்படும். சில வருடங்களாக அவற்றோடு பவர் பாங்கும் சேர்ந்துவிட்டது. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரே நாளில் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றபோது தொடங்கிய பழக்கம் இது. மின்வெட்டு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அம்மாவுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று, வழியில் பிள்ளைகளின் ரப்லெற்றுக்கு ஒன்று என்று வாங்கி அடுக்குகிறோம்.

சென்ற மாதம் வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தில் நியாயமான கேள்வி ஒன்று இருந்தது. “இவ்வளவு ஆபத்தான சாமான் என்றால் அதை ஏன் எங்கட கையிலேயே தந்து, எங்களோடயே வைச்சிருக்கச் சொல்லுகினம்? கீழே லக்கேஜோட போனால் எங்களுக்குப் பாதுகாப்புத்தானே?” விமானநிலையத்தில் சூட்கேஸைத் திறக்கச் சொல்லும்போது நம்மில் பலருக்கு மனதில் ஓடுவதும் இதுதான். ஆகையால் இந்த மாதப் பக்கத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

முதலில் கீழே என்ன நடக்கும் என்று பார்ப்போம். பயணிகள் விமானத்தின் அடியில் பொதிகள் போகும் அறையில் புகை கண்டறியும் கருவி இருக்கிறது. அது எச்சரித்தால் விமானி தன் அறையிலிருந்தே ஒரு பொத்தானை அழுத்துவார். ஹேலோன் என்ற வாயு அந்த அறைக்குள் பாயும். துணி, காகிதம், பெட்டி போன்றவற்றில் பிடித்த நெருப்பை அது நன்றாகவே அடக்கும். ஆனால் ஹேலோன் சுவாலையைத்தான் அறுக்கும், சூட்டைத் தணிக்காது. லிதியம் பற்றரியில் பிரச்சினையே சூடுதான்.

பவர் பாங்குக்குள் இருக்கும் செல்லில் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நடுவே இருப்பது எளிதில் தீப்பற்றும் திரவம். விழுந்து நசுங்கியதாலோ, தயாரிப்பில் நுழைந்துவிட்ட உலோகத் துணுக்காலோ, அளவுமீறி சார்ஜ் ஏறியதாலோ அந்தத் தாள் ஓரிடத்தில் பழுதானால் உள்ளேயே ஷோர்ட் சேர்க்கிற் ஏற்படும். சூடு ஏறும், தாள் இன்னும் உருகும், சூடு மேலும் ஏறும். ஓரளவுக்கு மேல் போனபின் செல்லின் இரசாயனமே சூட்டையும் வாயுவையும் ஒட்சிசனையும் வெளிவிடத் தொடங்கிவிடும். வெளிக்காற்றை மறித்தாலும் நிற்காது. ஒரு செல் வெடித்த சூட்டில் பக்கத்துச் செல்லும் பிடிக்கும். சீனவெடிக் கட்டில் ஒரு வெடிக்கு நெருப்பு வைத்தது போலத்தான். இதை நிறுத்த வேண்டுமென்றால் குளிரச் செய்ய வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும், அதை ஊற்ற ஓர் ஆள் வேண்டும். பறக்கும்போது கீழறைக்குள் எவராலும் போக முடியாது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறது. ஒரு சூட்கேஸுக்குள் லப்டொப்பையும், அதன் பற்றரியோடு ஒட்டினாற்போல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிறே டின் ஒன்றையும் வைத்து, பற்றரியைச் சூடாக்கினார்கள். நெருப்புப் பிடித்து ஒரு நிமிடத்துக்குள் டின் வெடித்தது. ஹேலோன் அறையை நிரப்பி வேலை செய்வதற்கு அந்த நேரம் போதாது என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஊருக்குப் போகும் நம் சூட்கேஸ்களில் ஸ்பிறே டின் இல்லாத சூட்கேஸ் எது?

மேலே நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2018 பெப்ரவரி தொடக்கத்தில் கொச்சியிலிருந்து கொழும்புக்குப் பறந்த ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் யூ.எல். 166 விமானத்தில், தலைக்கு மேலுள்ள பெட்டியிலிருந்து புகை வருவதைப் பணியாளர்கள் கண்டார்கள். இருநூறு பேரளவில் உள்ளே இருந்தார்கள். பணியாளர்கள் முதலில் தீயணைப்பு உருளையால் அடித்தார்கள், பிறகு அந்தப் பையையே தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் அமிழ்த்தினார்கள். புகை அடங்கியபின் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு லிதியம் பற்றரிப் பொதியும் இரண்டு கைத்தொலைபேசிகளும். விமானம் பத்திரமாகக் கொழும்பில் இறங்கியது. 2016 செப்டெம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்திலும் மேற்பெட்டியில் கைத்தொலைபேசி ஒன்று புகைந்தது. அங்கேயும் முதலில் உருளை, பிறகு தண்ணீர். அந்த வரிசை முக்கியம்: உருளை சுவாலையை அடக்குகிறது, தண்ணீர் சூட்டை எடுக்கிறது.

ஆக, பவர் பாங்க் பயணிகள் பகுதியில் தீப்பிடிக்காது என்று யாரும் சொல்லவில்லை. பிடித்தால் ஒருவர் காண்பார், கண்டவர் கூப்பிடுவார், கூப்பிட்டதும் ஆள் வரும் என்பதே கணக்கு. அந்தக் கணக்கு 2025 ஜனவரி 28 இரவு தென்கொரியாவில் தவறியது. பூசான் நகரின் கிம்ஹே விமானநிலையத்தில், ஹொங்கொங் புறப்பட இருந்த எயார் பூசான் விமானத்தின் பின்பகுதி மேற்பெட்டி ஒன்றில் நெருப்புப் பிடித்தது. பெட்டி மூடியிருந்ததால் உள்ளே என்ன எரிகிறது என்று தெரியவில்லை. விமானம் இன்னும் தரையில் நின்றதால் எல்லோரும் அவசரச் சறுக்குப் பாதைகளால் இறங்கித் தப்பினார்கள், விமானத்தின் கூரை எரிந்து போனது. பவர் பாங்கின் உள்ளே ஏற்பட்ட பழுதுதான் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். அதன் பிறகுதான் பல நிறுவனங்கள் பவர் பாங்கை மேற்பெட்டியில் வைக்கக்கூடாது என்று சொல்லத் தொடங்கின. நம்மவர்கள் டுபாய் வழியாகப் போக அதிகம் எடுக்கும் எமிரேட்ஸ், 2025 ஒக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒரு பவர் பாங்க்தான், அதுவும் நூறு வாட்-அவருக்குள் என்று வரையறுத்தது. விமானத்துக்குள் அதைப் பாவிக்கவும் கூடாது, அதற்கு சார்ஜ் ஏற்றவும் கூடாது. முன் இருக்கையின் பைக்குள் அல்லது இருக்கைக்குக் கீழே வைக்க வேண்டும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கைப்பையில் இருந்தும் எவர் கண்ணிலும் படாவிட்டால் கீழறைக்கும் மேற்பெட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இனி அந்த வாட்-அவர் கதை. கடையில் பவர் பாங்கை விற்பது mAh கணக்கில். விமானத்தில் பார்ப்பது Wh கணக்கில். முதலாவது எவ்வளவு மின்னேற்றம் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது உள்ளே மொத்தம் எவ்வளவு சக்தி அடைபட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. நெருப்புப் பிடித்தால் எவ்வளவு எரியும் என்பதை ஊகிக்க இரண்டாவதுதான் உதவும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவது சுலபம்: mAh எண்ணை வோல்ற்றால் பெருக்கி ஆயிரத்தால் பிரிக்க வேண்டும். வோல்ற் என்று எடுக்க வேண்டியது உள்ளே உள்ள செல்லின் 3.7 வோல்ற்றை, யூ.எஸ்.பி. துளைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் 5 வோல்ற்றை அல்ல. சிலர் 5ஆல் பெருக்கிவிட்டு, 20000 mAh பவர் பாங்க் நூறைத் தொடுகிறது என்று பயப்படுகிறார்கள். உண்மையில் அது 74தான். சந்தையில் 26800 என்று ஒரு விசித்திரமான எண்ணைப் பார்த்திருப்பீர்கள். 26800 × 3.7 ÷ 1000 = 99.16. நூறுக்குள் அடங்கும்படி பார்த்துச் செய்த எண் அது. 30000 என்றால் 111, நூறைத் தாண்டிவிட்டது.

நூறுக்குள் இருந்தால் பொதுவாக அனுமதி கேட்கத் தேவையில்லை. நூறுக்கு மேல் நூற்றறுபது வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் முடியாது. நூற்றறுபதுக்கு மேற்பட்ட உதிரிப் பற்றரியைப் பொதுவாகப் பயணி கொண்டுபோக முடியாது. இது சர்வதேச விதி. இதைவிட இறுக்கமாக விதிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, எமிரேட்ஸ் செய்தது அதைத்தான்.

இந்த வரம்பு அதிகம் உதைப்பது கல்யாண வீடியோ எடுக்கும் நம் பொடியன்களைத்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணம் என்றால் இங்கிருந்தே கமெராவோடு போகிறார்கள். ஒருவரின் பையை எடுத்துப் பார்ப்போம். கமெராவின் சிறிய பற்றரி 7.2 வோல்ற், 2250 mAh, பதினாறு வாட்-அவர், பிரச்சினையே இல்லை. பெரிய கமெராவின் முதுகில் மாட்டும் பற்றரி 14.8 வோல்ற், 6600 mAh என்றால் 97.68, நூறுக்குள் வந்துவிட்டது. அதே உருவத்தில் 10000 mAh என்றால் 148. அனுமதி வேண்டும், இரண்டுதான். விளக்குக்கு மாட்டும் அதே 14.8 வோல்ற், 13200 mAh பற்றரி 195. அதை இங்கேயே விட்டுவிட்டு ஊரில் வாடகைக்கு எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்தப் பெரிய பற்றரிகள் மூன்றும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பக்கத்தில் ஒட்டிய சிறு எழுத்துத்தான் வித்தியாசம். அந்த எழுத்து அழிந்திருந்தால் சோதனை மேசையில் நம் வாய்ச்சொல் எடுபடாது. அனுமதியையும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக் கையில் வைத்திருப்பது நல்லது.

உதிரிப் பற்றரிகளை வெறுமனே பைக்குள் போடக்கூடாது. வெளியே தெரியும் உலோக முனைகள் திறப்புக் கோர்வையிலோ சில்லறைக் காசிலோ பட்டால் வெளியிலிருந்தே ஷோர்ட் ஆகிவிடும். முனைகளின் மேல் ரேப் ஒட்டுங்கள், அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். டோர்ச் லைற்றுக்குப் போடும் விரல் பருமனான தனி லிதியம் செல்களுக்கு இது மிகவும் அவசியம்.

பலர் மறப்பது இன்னொன்று. விமானம் நிறைந்திருந்தால் ஏறும் வாசலில் வைத்துச் சின்னச் சூட்கேஸை வாங்கிக் கீழறைக்கு அனுப்புவார்கள். அந்த அவசரத்தில் பவர் பாங்கும் அதோடு போய்விடும். ஆகவே அதைச் சூட்கேஸில் வைக்காமல் தோள்பையில் வையுங்கள். பயணத்தின் நடுவே கைத்தொலைபேசி இருக்கையின் இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்க வேண்டாம். நசுங்கினால் அதுவே நெருப்புக்குக் காரணம் ஆகலாம். பணியாளரைக் கூப்பிடுங்கள்.

கார்கோவில் போடும் பெட்டிக்குள் பவர் பாங்கைச் செருகி அனுப்பும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அரிசிமா பைக்கும் சொக்கிலேட்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம். லிதியம் அயன் பற்றரிகளைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் உலகெங்கும் தடை. 2010 செப்டெம்பரில் டுபாயில் விழுந்த யூ.பி.எஸ். சரக்கு விமானத்தில் எரிந்த சரக்கில் ஏராளமான லிதியம் பற்றரிகள் இருந்தன. இரண்டு விமானிகளும் இறந்துபோனார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் படிவத்தில் பொய் எழுதாதீர்கள்.

புறப்பட முன் வீட்டில் உள்ள பவர் பாங்குகளை மேசையில் வைத்து ஒருமுறை பாருங்கள். வயிறு ஊதியிருக்கிறதா, பாவிக்காமல் இருக்கும்போதே சுடுகிறதா, இனிப்பு மாதிரி ஒரு மணம் வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அதை எடுத்துப்போக வேண்டாம், சார்ஜிலும் போட வேண்டாம், வீட்டுக் குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். பிரான்சில் பற்றரி விற்கும் கடைகள் பழைய பற்றரிகளைக் காசு வாங்காமல் திரும்ப எடுக்க வேண்டும். ஊதியதையோ உடைந்ததையோ மட்டும் கடைப் பெட்டிக்குள் போடாமல், உங்கள் பகுதி நகரசபையின் கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஆளிடம் சொல்லிக் கொடுங்கள்.